டிபி-க்குப் பூட்டு: பெரிதாக்கத் தடை, டவுன்லோட் தடை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேஸ்புக்ல ப்ரொஃபைலை லாக் பண்ணிட்டேன். அப்படியும் தெரியாதவங்களுக்கு என் படம் சின்னதாத் தெரியுது. லாக் வேலை செய்யலையா?

வேலை செய்கிறது. ஃபேஸ்புக்கில் உங்கள் பெயரும் இப்போதைய ப்ரொஃபைல் படமும் எல்லோருக்கும் தெரியும். ஒரே பெயரில் இருபது பேர் இருக்கும் ஊரில், உங்களைத் தேடி வரும் பள்ளித் தோழிக்கு எது நீங்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா? லாக் போட்டால், நண்பர் பட்டியலில் இல்லாதவர் அந்தச் சின்ன வட்டத்தோடு நின்றுவிட வேண்டியதுதான். தொட்டால் பெரிதாகாது. டவுன்லோட், ஷேர் எதுவும் வராது. மேலே இருக்கும் கவர் படத்துக்கும் அதே கதி. நீங்கள் முன்பு எல்லோரும் பார்க்கும்படி போட்ட பதிவுகளும் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும்.

இது இந்தியாவை மனதில் வைத்தே வந்த வசதி. 2017 ஜூனில் முதலில் படத்துக்கு மட்டும் ஒரு காவல் வந்தது; நீலக் கரையும் கீழே ஒரு குட்டிக் கேடயமும் போட்ட படங்களை அப்போது பார்த்திருப்பீர்கள். 2020 மே மாதம் மொத்த ப்ரொஃபைலையும் பூட்டும் வசதி வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நம் பெண்கள் பலர் சொந்த முகத்தைப் போடப் பயந்து ரோஜாப்பூவையும் சாமி படத்தையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் ப்ரொஃபைலில் மூன்று புள்ளியைத் தொட்டால் `Lock profile` என்று இருக்கும்.

பெரிசு பண்ண முடியாதுன்னா உள்ளே என்னதான் நடக்குது? பெரிய படத்தை நம்ம போன்லயே ஒளிச்சு வெக்கிறாங்களா, இல்ல அனுப்பவே மாட்டாங்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

நீங்கள் ஒரு படத்தை ஏற்றியதும், சர்வர் அதை ஒரே கோப்பாக வைத்துக்கொள்வதில்லை. நீண்ட பக்கம் 2048 பிக்சல் வரை உள்ள ஒரு பெரிய பிரதி, நடுத்தரமாக ஒன்று, கமெண்ட் பக்கத்தில் வரும் பொட்டு அளவில் ஒன்று என்று பல அளவில் வெட்டி வைத்துக்கொள்ளும். பார்ப்பவர் யார் என்று பார்த்து, அவருக்கு எந்தப் பிரதியின் முகவரியைத் தருவது என்று சர்வரே முடிவு செய்யும். லாக் செய்த ப்ரொஃபைலில் அந்நியருக்குச் சின்னப் பிரதியின் முகவரி மட்டுமே போகும். பெரிய படம் அவர் போனுக்கு வருவதே இல்லை. வராத படத்தை எந்த ஆப்பாலும் எடுக்க முடியாது.

ஒரு காலத்தில் இதில் ஓட்டை இருந்தது. சின்னப் படத்தின் கோப்புப் பெயர் `_s.jpg` என்று முடியும். அதை `_n.jpg` என்று மாற்றி என்டர் தட்டினால் பெரிய படம் வந்துவிடும். கல்லூரி ஹாஸ்டல்களில் அன்றைக்கு இது பரம ரகசியம்போல் கைமாறியது. இப்போது முகவரியிலேயே ஒரு கையெழுத்தும் காலாவதித் தேதியும் சேர்ந்து வருகின்றன. அளவை ஒரு எழுத்து மாற்றினாலும் `URL signature mismatch` என்று சர்வர் திருப்பி அனுப்பிவிடும். ஆனாலும் பழைய தந்திரத்தை இன்னமும் யூடியூபில் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வகைத் தடை இருக்கிறது. பெரிய படம் உங்கள் போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ வந்துவிடும். ஆனால் டவுன்லோட் பட்டனை மட்டும் எடுத்துவிடுவார்கள், அல்லது ரைட் கிளிக்கை முடக்கிவிடுவார்கள். படம் ஏற்கெனவே பிரவுசரின் கேஷில், அதாவது அதன் தற்காலிகச் சேமிப்பில், உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் F12 தட்டி `Network` பகுதியில் `Img` என்று வடிகட்டினால் முழுக் கோப்பும் அங்கே இருக்கும். எந்தத் தளத்தில் தடை என்று சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: படத்தையே கொடுக்காமல் இருக்கிறார்களா, கொடுத்துவிட்டுப் பட்டனை ஒளிக்கிறார்களா?

ஜூம் பண்ணிப் பாக்கட்டும், பரவாயில்ல. டவுன்லோட் மட்டும் தடுத்தாப் போதாதா?

போதாது. இன்றைய சாதாரண போனின் திரையே 1080 பிக்சல் அகலம். உங்கள் படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்க விட்டுவிட்டால், ஒரு ஸ்க்ரீன்ஷாட்டில் 1080 பிக்சல் அகலப் படம் கையில் வந்துவிடும். போலிக் கணக்குக்கோ, சுவரொட்டிக்கோ, படத்தை வெட்டி ஒட்டிக் கேவலப்படுத்தவோ அதற்கு மேல் தேவையில்லை. ஆகவே ஜூமுக்கும் டவுன்லோடுக்கும் சேர்த்துத்தான் பூட்டுப் போட வேண்டும். ஜூமைத் திறந்துவிட்டு டவுன்லோடை மட்டும் தடுத்தால், நிஜமாகவே திருட வந்தவனுக்கு இரண்டு நொடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். சும்மா கை துறுதுறுத்துச் சேமித்து வைப்பவர்களை அது நிறுத்தும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அந்தச் சின்ன வட்டத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா? அதை வெச்சு என்ன பண்ண முடியும்?

அது உங்கள் படத்தில் முகம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒரே பெண், இரண்டு படம். இரண்டுமே 1536-க்கு 2048 பிக்சல். முதல் படம் அல்சூர் ஏரிக்கரையில் பட்டுப்புடவையில் முழு உயரத்துக்கு நின்று எடுத்தது. முகம் படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டாவது படம் செல்ஃபி. முகம் அகலத்தில் பாதி.

பெரிய பிரதியில் முதல் படத்தின் முகம் 192 பிக்சல் அகலம். செல்ஃபியில் 768. இப்போது இரண்டையும் சதுரமாக வெட்டி 200 பிக்சலுக்குச் சுருக்குவோம். (போனைப் பொறுத்து இது கொஞ்சம் கூடலாம், கணக்குக்கு 200 என்று வைத்துக்கொள்வோம்.) முதல் படத்தில் முகம் 25 பிக்சல் ஆகிவிடும். 25 பிக்சலில் கண் இரண்டு புள்ளி, மூக்கு ஒரு நிழல். தெரிந்தவருக்குப் புடவையையும் நிற்கிற தோரணையையும் பார்த்து நீங்கள் என்று புரியும். தெரியாதவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. செல்ஃபியில் முகம் 100 பிக்சலுக்கு நிற்கும். அதைப் பெரிதாக அச்சடிக்க முடியாது, வெட்டி இன்னொரு உடம்பில் ஒட்டினாலும் மங்கலாகத் தெரியும். ஆனால் ஒரு போலிக் கணக்கின் வட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். அந்தப் போலிக் கணக்கின் வட்டமும் இதே அளவுதானே!

பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். பெரிதாக்கத் தடை என்பது படத்தைத் திருத்துவது, அச்சடிப்பது, வேறு தளத்தில் பெரிதாகப் போடுவது ஆகியவற்றை நன்றாகவே தடுக்கும். உங்கள் பெயரில், உங்கள் வட்டப் படத்தோடு ஒரு போலிக் கணக்குத் திறப்பதை அது தடுக்காது. அதற்குத் தேவையானதை ஃபேஸ்புக்கே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பயம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், லாக் போடுவதோடு, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த படத்தை வையுங்கள். பக்கவாட்டில் திரும்பி நிற்கும் படமும் உதவும்.

சின்னப் படத்தைத் தெளிவாப் பெரிசாக்குற ஆப் எல்லாம் இருக்கே அண்ணா?

இருக்கிறது. 100 பிக்சல் முகத்தைக் கொடுத்தால் 800 பிக்சல் முகம் தரும். அதில் கூடுதலாக வரும் தோல், இமை முடி, பல் வரிசை எல்லாம் அந்த ஆப் ஊகித்துப் போட்டவை, உங்களுடையவை அல்ல. பார்க்கப் பளபளவென்று இருக்கும், வீட்டில் இருப்பவர்கள் பார்த்தால் "யாரோ மாதிரி இருக்கே" என்பார்கள். உங்களைத் தெரியாதவரை ஏமாற்ற அது போதும் என்பதும் உண்மை. 25 பிக்சல் முகத்தைக் கொடுத்தால் ஊகமும் தடுமாறி, வேறொருவர் முகம்தான் வரும். போன கேள்வியின் கணக்கு இங்கேயும் செல்லும்.

வாட்ஸ்அப்ல ஒருத்தர் டிபி-யை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா கருப்பா வருதே, அது எப்படி? அதை நம்பலாமா?

ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் தன் திரையைப் பார்த்து "இதைப் படம் எடுக்க விடாதே" என்று போனுக்குச் சொல்ல முடியும். `FLAG_SECURE` என்ற ஒரு குறி. வங்கி ஆப்களில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாமல் போவதும் இதனால்தான். வாட்ஸ்அப் 2019-இல் அடுத்தவர் டிபி-யைச் சேமிக்கும் வசதியை எடுத்தது. 2024-இல் டிபி-யைத் திறந்து வைத்து ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதையும் தடுத்தது.

நம்பலாம், ஓரளவு. இந்தத் தடையைக் காப்பாற்றுவது பார்ப்பவரின் போன். வாட்ஸ்அப்பைப் பிரவுசரில் திறந்தால் அந்தப் பேச்சே இல்லை. ஒரு வலைப்பக்கத்தால் கம்ப்யூட்டரின் ஸ்க்ரீன்ஷாட்டைத் தடுக்க முடியாது. இன்னொரு போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தால் எந்த ஆப்பும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி எடுத்த படத்தில் கோடு கோடாக அலை விழும், ஓரம் சாயும், நிறம் நீலமடிக்கும். எங்காவது அப்படி ஒரு பிரதியைப் பார்த்தால் திரையைப் பார்த்து எடுத்தது என்று உடனே சொல்லிவிடலாம்.

டிபி-யை `My contacts`-க்கு மட்டும்னு வெச்சிருக்கேன். போதும்தானே?

உங்கள் போனில் யார் யார் எண் இருக்கிறது என்று ஒரு தடவை கீழே வரை தள்ளிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கான்டாக்ட் என்றால் நீங்கள் சேமித்து வைத்த எண் என்றுதான் அர்த்தம். சொந்தக்காரர், சிநேகிதர் என்று அர்த்தமில்லை. பெங்களூரில் குடி வந்து நாலு வருடம் ஆன எந்த வீட்டிலும் பட்டியல் இப்படித்தான் இருக்கும்: தண்ணீர் லாரிக்காரர், மூன்று வீட்டு புரோக்கர்கள், பழைய பிஜி ஓனர், ஏசி ரிப்பேர், ஒரே ஒரு நாள் ஏர்போர்ட்டுக்கு வந்த கேப் டிரைவர். இவர்கள் எல்லோருக்கும் உங்கள் டிபி முழுசாகத் தெரிகிறது. ஃபேஸ்புக்கில் அந்நியருக்குக் கிடைக்கும் சின்ன வட்டத்தோடு இது நிற்காது. தொட்டால் திரையகலத்துக்கு விரியும் சதுரப் படம்.

`Settings`, `Privacy`, `Profile photo` என்று போனால் `My contacts except...` என்று ஒரு வரி இருக்கிறது, 2022-இல் வந்தது. அதில் இந்த ஆட்களைக் குறியிட்டு விலக்கலாம். எனக்குப் பிடித்த வழி இன்னும் சுலபம்: வேலை முடிந்த எண்ணைப் போனிலிருந்தே அழித்துவிடுவது. சாட் அப்படியே இருக்கும், டிபி மட்டும் அவருக்கு மறைந்துவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அபார்ட்மென்ட் குழுவில் முந்நூறு பேர் இருந்தாலும், நீங்கள் எண்ணைச் சேமிக்காதவருக்கு `My contacts` அமைப்பில் டிபி தெரியாது. ஒரே குழுவில் இருப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது. மாற்றுவதற்கு முன்பே திறந்து பார்த்தவர் போனில் பழைய பிரதி கொஞ்ச நாள் தங்கியிருக்கலாம் என்பதால், அமைப்பை மாற்றும்போதே டிபி-யையும் மாற்றிவிடுவது உத்தமம்.

இன்ஸ்டாவுல அக்கவுன்ட் பிரைவேட். டிபி-யும் பிரைவேட்தானே?

இல்லை. பதிவுகளும் ஸ்டோரியும்தான் மறையும். டிபி எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் தள்ளி நின்று எடுத்த படம்தான் பதில்.

படத்து மேல பேரை வாட்டர்மார்க்காப் போட்டா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

எங்கே போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. கீழே வலது மூலையில் போட்டால், வட்டமாக வெட்டும்போது முதலில் போவது அந்த மூலைதான். சதுரமாகத் திருடினாலும் ஓரத்தை நறுக்கிவிட்டால் முடிந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் குறுக்கே, புடவைக் கரையும் தோலும் சந்திக்கிற இடத்தில் லேசாக ஓடவிட்டால் அழிப்பது கஷ்டம். அழித்தாலும் துணியின் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

2017-இல் காவல் வசதியை அறிமுகப்படுத்தியபோது, படத்தின் மேல் ஒரு கூடுதல் வடிவமைப்பைச் சேர்த்தாலே மற்றவர்கள் அதைக் காப்பியடிக்கும் வாய்ப்புக் குறைந்தது 75 சதவீதம் குறைகிறது என்று தங்கள் ஆரம்பக்கட்டச் சோதனையில் தெரிந்ததாக ஃபேஸ்புக் சொன்னது. கோலமோ கோடோ, கெட்டுப்போன மாதிரித் தெரியும் படத்தை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதில் எனக்கு வியப்பில்லை. திருடுபவனுக்கு நீங்களேதான் வேண்டும் என்றில்லாதவரை இது நன்றாகவே வேலை செய்யும்.

எங்க தமிழ்ச் சங்கத்து வெப்சைட்ல உறுப்பினர் படமெல்லாம் இருக்கு. ரைட் கிளிக்கைத் தடுத்து, படத்தைச் சின்னதாத்தான் காட்டுறோம். இது ஃபேஸ்புக் லாக் மாதிரிதானே சார்?

பார்க்க அதே மாதிரி இருக்கும். உள்ளே பெரும்பாலும் இப்படி எழுதியிருப்பார்கள்:

```html
<img src="photos/member.jpg" width="150" oncontextmenu="return false">
```

`width="150"` என்பது படத்தைச் சின்னதாகக் காட்டு என்று பிரவுசருக்குச் சொல்வது. கோப்பு சுருங்காது. பொங்கல் விழாவில் கேமராவில் எடுத்த 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றியிருந்தால், பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த 4000 பிக்சலும் போய்ச் சேருகிறது. அதன் மேல் ரைட் கிளிக்கைத் தடுத்து என்ன பயன்?

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். F12 தட்டி, `Network`-இல் `Img`-ஐத் தேர்ந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒவ்வொரு படத்தின் நேரே அதன் எடை வரும். நூற்றைம்பது பிக்சல் படம் பத்துப் பதினைந்து கேபி இருக்க வேண்டும். மூன்று எம்பி, நான்கு எம்பி என்று வந்தால் முழுப் படத்தைத்தான் ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். F12 எல்லாம் வேண்டாம் என்றால் இன்னொரு அறிகுறி: பக்கம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக ஏறும்.

திருத்தம் படத்தை ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது. படத்தைச் சுருக்கித் திருத்தும் இமேஜ்மேஜிக் மென்பொருளை நிறுவிய கம்ப்யூட்டரில் இந்த ஒரு வரி:

```
magick member.jpg -auto-orient -resize 240x240 -strip member-s.jpg
```

`-resize` நிஜமாகவே 240 பிக்சலுக்குள் சுருக்கும். `-strip` படத்தோடு ஒட்டியிருக்கும் விவரங்களை உரிக்கும். போனில் எடுத்த படத்தில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்கூட இருக்கலாம்; ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சாதாரணமாகப் படம் போடும்போது அதை எடுத்துவிடுகின்றன, உங்கள் வெப்சைட் தானாக எடுக்காது. `-auto-orient`-ஐ விட்டுவிட்டால் சில படங்கள் படுத்துக்கொள்ளும், ஏனென்றால் எந்தப் பக்கம் மேலே என்ற தகவலும் உரிக்கிற விவரத்தோடு போய்விடும்.

அப்புறம், பக்கத்தில் `src`-ஐ `photos/member-s.jpg` என்று மாற்றிவிட்டு, மூலப் படங்களை அதே `photos` ஃபோல்டரில் விட்டுவைக்காதீர்கள். `member-s.jpg` என்று ஒன்றைப் பார்த்தால் `member.jpg` என்று அடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றும். சர்வரிலிருந்தே எடுத்து, செயலாளர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு ரைட் கிளிக் தடை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

தம்பி, பொண்ணு போட்டோவை மேட்ரிமோனில பூட்டித்தான் வெச்சிருக்கோம். சம்மதம் சொன்னவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பயமில்லல்ல?

அம்மா, அந்தத் தளத்தின் பூட்டு சரிதான். நீங்கள் அனுமதித்தால் ஒழியப் பெரிய படம் போகாது. ஆனால் ஜாதகத்தோடு பயோடேட்டா ஒன்றை வேர்டில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் ஒயிட்ஃபீல்டு மாமாவுக்கும் சேலத்துத் தரகருக்கும் அனுப்பினீர்களே, அதற்கு என்ன பூட்டு? அந்தப் பக்கத்தில் படம் தீப்பெட்டி அளவில் தெரிந்தாலும், உள்ளே பெரிய கோப்பாகவே இருக்கலாம். பிடிஎஃப்-ஐ 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் தெளிவாகவே இருந்தால் பெரிய படம் உள்ளே இருக்கிறது என்று பொருள்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. குடும்பப் படத்தில் பெண்ணை மட்டும் வேர்டில் வெட்டி எடுத்து வைத்திருந்தால், வெட்டிய மிச்சம் வேர்டு கோப்பிலேயே ஒளிந்திருக்கும். அந்தக் கோப்பையே யாருக்காவது அனுப்பினால், கிராப்பை விரித்து மொத்தக் குடும்பத்தையும் பார்க்கலாம்.

மகளிடம் சொல்லுங்கள்: வேர்டில் படத்தைத் தொட்டு `Picture Format`, `Compress Pictures`. அங்கே `Delete cropped areas of pictures` என்பதில் டிக், கீழே `E-mail (96 ppi)`. பிறகு பிடிஎஃப் ஆக்கட்டும். இரண்டு அங்குலப் படம் அப்போது 192 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். மாப்பிள்ளை வீட்டாருக்கு அடையாளம் தெரிய அது போதும். இன்னும் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டால் நேரில் வரச் சொல்லுங்கள், காபி கொடுப்போம்.

ப்ரொஃபைல் லாக், டிபி-யும் சின்னது. அப்படியும் என் தங்கச்சியோட பெரிய படத்தை வெச்சு ஒரு போலிக் கணக்கு வந்திருக்கு. லாக்கை உடைச்சுட்டாங்களா?

உடைப்பது அபூர்வம். முதலில் போலிக் கணக்கில் உள்ள படத்தையும் தங்கையின் டிபி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படமே வந்த வழியைச் சொல்லிவிடும்.

மங்கலாகவும், மூலைகள் வட்டமாக வெட்டுப்பட்டும் இருந்தால் அது வட்டத்தின் ஸ்க்ரீன்ஷாட். மங்கல்தான், ஆனால் நாலு மூலையும் இருக்கிறது என்றால் சின்னக் கோப்பையே எடுத்திருக்கிறார்கள். திரையில் வட்டமாகத் தெரிந்தாலும் கோப்பு சதுரம்தான். தெளிவாக இருக்கிறது, தங்கையின் டிபி-யில் உள்ள அதே வெட்டு என்றால், பெரிய படத்தைப் பார்க்கும் அனுமதி உள்ள ஒருவர், அதாவது நண்பர் பட்டியலில் இருப்பவர் எடுத்திருக்கிறார். தெளிவாக இருப்பதோடு, டிபி-யில் இல்லாத பகுதியும் தெரிகிறது என்றால் அது டிபி-யிலிருந்து போகவே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது இந்தக் கடைசி வகை. போலிக் கணக்கின் படத்தில் பெண்ணின் இடது பக்கம் ஒரு பச்சை ஜாக்கெட் கையும், பின்னால் மண்டபத்து வாழைமரமும் தெரிந்தன. அவள் டிபி-யில் இரண்டும் இல்லை. பச்சை ஜாக்கெட் யாருடையது என்று அவள் அம்மாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது: ஓசூரில் இருக்கும் சித்தி மகள். அவள் தன் பக்கத்தில் கல்யாண ஆல்பத்தை எல்லோரும் பார்க்கும்படி போட்டு, இவளை டேக் செய்திருந்தாள். இவள் போட்ட லாக் இவள் ஏற்றிய படங்களுக்குத்தான் செல்லும். சித்தி மகள் ஏற்றிய படத்துக்கு யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது சித்தி மகள்தான்.

டேக்கை நீக்கினார்கள். அதனால் படம் போய்விடவில்லை. பெயரோடு உள்ள இணைப்பு மட்டும்தான் அறும். பிறகு அவளைப் போனில் கூப்பிட்டு ஆல்பத்தை `Friends` என்று மாற்றச் சொன்ன பிறகுதான் கசிவு நின்றது. உங்கள் வீட்டிலும் முதலில் சொந்தக்காரர் ஆல்பங்களைத்தான் தேடுவேன்.

நண்பர் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். அத்தை பெயரில் இரண்டாவதாக ஒரு ரெக்வெஸ்ட் வந்து, "பழைய அக்கவுன்ட் போயிடுச்சு போல" என்று நினைத்து ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அந்த ஒருவர் உள்ளே வந்த நிமிடத்திலிருந்து லாக் அவருக்கு இல்லை.

போலிக் கணக்கு கண்ணுல பட்டாச்சு. இப்ப முதல்ல என்ன பண்ணணும்?

ரிப்போர்ட் பட்டனைத் தொடுவதற்கு முன், ஆதாரம். அந்தப் பக்கத்தின் முழு முகவரியையும் காப்பி செய்து வையுங்கள். பெயரை மட்டும் எழுதி வைத்தால் நாளைக்கு அவன் பெயரை மாற்றிவிடுவான், முகவரியில் உள்ள எண் மாறாது. பக்கத்தையும், அவன் யாருக்காவது மெசேஜ் அனுப்பியிருந்தால் அதையும் தேதி நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கணக்கு நீங்கிவிட்டால் பிறகு போலீஸிடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அவசரத்தில் பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

அப்புறம் மூன்று புள்ளியைத் தொட்டு, இன்னொருவர்போல் நடிக்கும் கணக்கு என்று ரிப்போர்ட் செய்யுங்கள். யாருடைய படமோ அவரே செய்வது நல்லது; சிநேகிதர்கள் செய்தால் "என் நண்பரைப் போல் நடிக்கிறது" என்ற வரியைத் தேர்ந்து உண்மையான கணக்கைக் காட்ட வேண்டும்.

பணம் கேட்டிருந்தாலோ, படத்தைத் திருத்தி அசிங்கப்படுத்தியிருந்தாலோ, மிரட்டினாலோ காத்திருக்காதீர்கள். `cybercrime.gov.in`-இல் புகார் பதியலாம். பணம் போயிருந்தால் முதலில் 1930-க்குப் போன். பெங்களூரில் இதற்கென்றே சென் காவல் நிலையங்கள் இருக்கின்றன, சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்காகத் தொடங்கப்பட்டவை. கன்னடம் எழுத வராது என்று தயங்க வேண்டாம், புகாரை ஆங்கிலத்தில் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அங்கே போகும்போது காப்பி செய்து வைத்த முகவரியை அச்சடித்து எடுத்துப் போங்கள். போனைக் காட்டி "இதோ பாருங்க" என்றால், எழுதிக் கொடுங்கள் என்றுதான் சொல்வார்கள்.